‘சிறிது நேரம்’ எண்டா எவ்வளவு நேரம்?

யாழ்ப்பாணத்தில மாமி நாலு அறை உள்ள ஒரு சின்ன விடுதி நடத்துறா. கம்பஸ் லீவு விட்டா நான் அங்கதான் நிற்பன். கலைப்பீடத்தில படிக்கிறவளுக்கு எழுத வரும்தானே எண்டு, விருந்தினருக்கான அறிவித்தல் எழுதுற வேலையை மாமி என்னட்டத் தந்திட்டா.

போன ஆவணியில ஒருநாள், பராமரிப்பு வேலைக்காகக் காலை 8 மணியில இருந்து மாலை 5 மணி வரை கரண்ட் இல்லை எண்டு முதல் நாளே தெரியும். ஆனால் நான் எழுதி வாசலில ஒட்டினது இது: “நாளை சிறிது நேரம் மின்தடை ஏற்படலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.” ஒன்பது மணித்தியாலம் எண்டு எழுதினா ஆக்கள் வேற இடத்துக்குப் போயிடுவினம் எண்ட பயம்.

ஒரு அறையில, ரெண்டு மாதம் ஊரில நிற்கவெண்டு கனடாவில இருந்து வந்த ஒரு அம்மா. அறையில இருந்த குட்டி ஃபிரிட்ஜுக்குள்ள ரெண்டு மாதத்துக்கான இன்சுலின் வைச்சிருந்தா. ‘சிறிது நேரம்’ எண்டதை நம்பினதால, கரண்ட் வந்திட்டுதோ எண்டு அடிக்கடி கதவைத் திறந்து பார்த்திருக்கிறா. திறக்காமல் வைச்சாலே ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணித்தியாலம்தான் குளிர் பிடிக்கும். ரெண்டு மணிக்கு என்னட்ட வந்து கேட்டா: “பிள்ளை, உண்மையில எத்தினை மணிக்கு வரும்?”

“அஞ்சு மணிக்கு, அம்மா.”

“அதை நேற்றே சொல்லியிருந்தா நான் மருந்தைக் கொடிகாமத்தில மச்சாள் வீட்ட குடுத்து விட்டிருப்பனே.”

பாமசியில கேட்டம். ஒரு பகலில அது பழுதாகாது, ஆனால் குளிர் விட்டதை நாலு கிழமைக்குள்ள பாவிச்சு முடிக்க வேணும் எண்டு சொல்லிச்சினம். அப்ப மிச்ச ஒரு மாத மருந்தை அவ திரும்ப வாங்கத்தான் வேணும். அவ என்னைப் பேசேல்லை. அதுதான் கூடக் கஷ்டமா இருந்தது.

அண்டைக்குப் பின்னேரம் தண்ணியும் முடிஞ்சுது. எங்களுக்குக் கிணத்துத் தண்ணிதான். மோட்டர்தான் அதை மேல் தாங்கிக்கு ஏத்தும், அதால கரண்ட் இல்லாட்டித் தண்ணியும் இல்லை. தாங்கி 1000 லீற்றர், வீட்டில ஒன்பது பேர். சவர் நிமிஷத்துக்கு எட்டு, பத்து லீற்றர் ஊத்தும். ஒராள் பத்து நிமிஷம் நிண்டா நூறு லீற்றர் கிட்டப் போயிடும். ஒன்பது பேரும் அப்பிடிக் குளிச்சா, சமையலுக்கும் கழிப்பறைக்கும் கொஞ்சம்தான் மிஞ்சும். வாளியில அள்ளிக் குளிச்சா ஒராளுக்கு 20 லீற்றர் காணும். அதோட, கரண்ட் வந்த உடனே தண்ணி வராது. எங்கட மோட்டருக்குத் தாங்கியை நிரப்ப முக்கால் மணித்தியாலம் வேணும்.

அடுத்த மாதமும் அதே மாதிரி ஒரு நாள் வந்தது. ஜெனரேட்டர் இருக்கெண்டு எழுதுவம் எண்டு மாமி சொன்னா. எங்களிட்ட இருக்கிற குட்டி ஜெனரேட்டர் விளக்கு, ஃபான், வைஃபை மட்டும் தாங்கும். மோட்டர் ஓடத் தொடங்கேக்க வழமையைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதைத் தாங்காமல் ஜெனரேட்டர் நிண்டிடும். ஏசியும் போடேலாது. வெறுமன ‘ஜெனரேட்டர் உண்டு’ எண்டு எழுதினா அதுவும் இன்னொரு ‘சிறிது நேரம்’தான். அதால இப்பிடி எழுதினம்:

“நாளை காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது. இது அறிவிக்கப்பட்ட நேரம், பிந்தவும் கூடும். 6 மணிக்கு முன் மின்சாரம் தேவைப்படும் எதையும் திட்டமிட வேண்டாம். சவரில் தண்ணீர் 7 மணிக்குத்தான் நிச்சயம். விளக்கும் ஃபானும் வைஃபையும் ஜெனரேட்டரில் வேலை செய்யும். ஏசி, சுடுதண்ணீர், அயன் பெட்டி வேலை செய்யாது. குளிக்க ஒவ்வொரு குளியலறையிலும் இரண்டு வாளி நிரப்பி வைத்திருப்போம். முடிந்தால் சமையலறையில் சொல்லுங்கள், கிணற்றில் அள்ளித் தருவோம். மதியச் சாப்பாடு வழமைபோல் உண்டு. குளிரில் வைக்க வேண்டிய மருந்து இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்; மின்தடை இல்லாத பகுதியில் உள்ள உறவினர் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வருவோம்.”

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூண்டிலும் எழுதி, முதல் நாள் பின்னேரம் 6 மணிக்கே ஒவ்வொரு குளியலறைக் கதவிலும் ஒட்டினம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பினம். காலமை வாசிச்சா அயன் பண்ணவோ போன் சார்ஜ் போடவோ நேரமிராது. வாசலில ஒட்டினா ஒருத்தரும் பார்க்கிறதுமில்லை.

ஒரு சோடி மட்டும் வாசிச்சிட்டு அந்த ஒரு நாளைக்கு வேற விடுதிக்குப் போச்சினம். மாமி அந்த நாள் காசைத் திருப்பிக் குடுத்தா, முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அடுத்த நாள் அவை திரும்பி வந்து இன்னும் மூண்டு நாள் நிண்டினம்.

அண்டைக்குக் கரண்ட் 4.40க்கே வந்திட்டுது. முந்தி வந்ததுக்கு ஒருத்தரும் குறை சொல்லேல்லை.