அம்மாவின் கடலைச் சட்டியும் நானூற்று அறுபது கிராமும்

ரம்புக்கனை ஸ்டேஷன்ல ரயில் நின்னா, அவிச்ச கடலைக்குத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிச்சு, பேப்பர் சுருள்ல விக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. அதுல ஒரு கூடை எங்க வீட்டிலிருந்து போறது. அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிட்டு இருந்தவங்க. முழங்கால் வலி வந்து நின்னதுக்கப்புறம் இதுதான் வருமானம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ காய்ஞ்ச கடலை. அம்மா அவிப்பாங்க, அப்பா கொண்டு போவார், நானும் தங்கச்சியும் சுருள் மடிப்போம். அதனால இந்தக் கட்டுரை முழுக்க 'நாங்க'தான்.

2021 ஒக்டோபர் தொடக்கத்துல 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 1,493 ரூபாய். அதே மாசம் விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் 2,675 ஆச்சு. 2022 ஏப்ரல்ல 4,860. அந்த ஏப்ரல் 19ஆம் திகதிதான் எங்க ஊர்ல எரிபொருள் விலைக்கு எதிரா ரயில் கடவையை மறிச்சாங்க, துப்பாக்கிச் சூட்டில ஒருத்தர் செத்துப் போனார். அது பெட்ரோலுக்கான சண்டை. ஆனா எங்க வீட்டுக்குள்ள அந்த மாசத்துச் சண்டை கேஸுக்காகத்தான் நடந்தது. வரிசையில நின்னு ஒரு சிலிண்டர் கிடைச்சது. ஒரு மாசம் கூட வராதுன்னு அம்மாவுக்குத் தெரியும். "கடலையை நிப்பாட்டிருவோமா?"ன்னு கேட்டாங்க.

நிப்பாட்டுறதுக்கு முன்னால அளந்து பார்ப்போம்னு தங்கச்சி சொன்னா. ரப்பர் சீட் வாங்கிற கடையில பத்து கிராம் வரைக்கும் காட்டுற கொக்கித் தராசு ஒன்று இருந்தது. ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினோம். அடுப்பை அணைச்சு, ரெகுலேட்டரைக் கழற்றி, சமைக்கிறதுக்கு முன்னால ஒருக்கா, பிறகு ஒருக்கா சிலிண்டரைத் தொங்கவிட்டு நிறுத்தோம். திரும்பப் பூட்டும்போதெல்லாம் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருதான்னு பார்க்கணும். இதுல சோம்பல் படக்கூடாது.

முதல் நாள் அம்மா வழக்கம்போலச் செஞ்சாங்க. ஊறவைக்காத கடலை, பெரிய பர்னர், முழுத் தீ, மூடி இல்லை. இரண்டு மணித்தியாலம். இடையில நாலு லீட்டருக்குக் கிட்டத் தண்ணி ஊத்தினாங்க. தராசுல 460 கிராம் குறைஞ்சது. அப்படியே போனா சிலிண்டர் 27 நாள். வீட்டுச் சோற்றையும் தேத்தண்ணியையும் சேர்க்காம.

எங்க அனுமானம் சட்டியிலதான் தப்புன்னு. அது அடி சின்னது, வாய் அகலம். தீ அடியைத் தாண்டி, பக்கத்தால மேல ஏறி, கைபிடியைச் சுட்டுக்கிட்டு இருந்தது. அந்தச் சூடு சமையலறைக்குத்தான் போகுது, கடலைக்கு இல்லை. இரண்டாம் நாள் அகல அடிச் சட்டி ஒன்றை மாமி வீட்டிலிருந்து கொண்டு வந்தோம். பெருமையா நிறுத்துப் பார்த்தா 450! வெறும் பத்து கிராம்தான் மிச்சம்.

ஏன்னு விளங்க அரை நாள் ஆச்சு. தண்ணி ஐஞ்சு நிமிசம் முன்னாலயே கொதிச்சது உண்மை. ஆனா அதுக்கப்புறமும் நாங்க திருகைத் தொடவே இல்லையே. முழுத் தீயில இருக்கிற பர்னர், மேல என்ன சட்டி இருந்தாலும் மணித்தியாலத்துக்கு ஒரே அளவு கேஸைத்தான் குடிக்கும். நல்ல சட்டி வாங்கின சூட்டையெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே செலவழிச்சது. தண்ணி கொதிச்சுட்டா, தீயை எவ்வளவு கூட்டினாலும் நூறு பாகைக்கு மேல ஏறாது. கொதி கொஞ்சமா இருந்தாலும் பொங்கிக் குதிச்சாலும் கடலை ஒரே வேகத்துலதான் வேகும். அதிகத் தீயால நடக்கிறது ஆவி மட்டும்தான். அந்த ஆவி லேசுப்பட்டதும் இல்லை: ஒரு கப் தண்ணியை முழுசா ஆவியாக்குற சூட்டில ஏழு கப் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். அம்மா நாலு லீட்டர் ஊத்தினாங்கன்னா, அந்தச் சூடு எங்க போச்சுன்னு கணக்குப் போட்டுக்கலாம்.

மூன்றாம் நாள் மூடி. முழுத் தீயில மூடினா ஒரே நிமிசத்துல நுரை பொங்கி வழியும். கடலைத் தண்ணி பசை மாதிரி. அது பர்னர் ஓட்டைகள்ல காய்ஞ்சு அடைச்சுக்கும், தீ நீலம் போய் மஞ்சளாகும், சட்டியடி கறுக்கும். எங்களுக்கு அன்றைக்கு அதுதான் நடந்தது. பர்னர் மூடியைக் கழுவி, ஊசியால ஓட்டை ஓட்டையாக் குத்தினோம். அடிச் சட்டி கறுத்தா உங்க வீட்டுலயும் முதல்ல அங்கதான் பார்க்கணும். (பொங்கி வழியுற தண்ணி தீயையே அணைச்சிடவும் கூடும். அணைஞ்சது தெரியாம கேஸ் திறந்து கிடந்தா அது வேற கதை. அதனால மூடி போட்ட அடுப்பை விட்டுட்டு வாசலுக்குப் போகாதீங்க.) சரியான முறை இதுதான்: முழுத் தீயில கொதி வர வைக்கிறது. நுரையை அள்ளி எடுக்கிறது. சின்னக் கரண்டி ஒன்றை விளிம்புல வச்சு மூடியைச் சாய்ச்சு வைக்கிறது. பிறகு திருகை அடிக்குக் கொண்டு வர்றது. மூடிக்குள்ள மெல்லக் குமிழி எழும்புற சத்தம் கேட்டா போதும். சத்தம் நின்னா கொஞ்சம் கூட்டணும், மூடி ஆடினா குறைக்கணும். லயன் வீட்டு ஜன்னல் காத்து அந்தச் சின்னத் தீயை ஆட்டும். நாங்க ஜன்னல்ல ஒரு பலகையைச் சாத்தினோம். அடுப்பைச் சுத்தியே தகரம் கட்டுறது வேண்டாம், தீக்கும் காத்து வேணும், குழாயும் சூடாகும்.

அன்றைக்கு 190 கிராம்.

நாலாம் நாள் முதல்நாள் இரவே கடலையை ஊறப் போட்டோம். ஒரு கிலோவுக்கு மூணு லீட்டர் தண்ணி, அது இரட்டிப்பா உப்பும்னு அண்டா பெரிசா எடுத்தோம். காலையில ஒன்றை நகத்தால பிளந்து பார்த்தா நடுவுல வெள்ளை, காய்ஞ்ச பொட்டு இருக்கக் கூடாது. இருந்தா இன்னும் ஊறணும். எங்க ஊர் சூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டினா குமிழி எழும்பும், புளிச்ச மணம் வரும். அதனால இரவு எட்டு மணிக்குப் போட்டு விடிய எடுக்கிறோம். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, கடலை மூழ்கி இரண்டு விரல் மேல நிக்கிற அளவு மட்டும் புதுத் தண்ணி. கொதிக்க 14 நிமிசம், சின்னத் தீயில 50 நிமிசம். 110 கிராம்.

அதாவது 460ல இருந்து 110. அன்றைய விலையில ஒரு நாளைக்கு 136 ரூபாய் அளவு மிச்சம். பெரிய பங்கு மூடிக்கும் திருகுக்கும், அடுத்தது ஊறவைக்கிறதுக்கு. சட்டியின் பலன் தீயைக் குறைச்ச பிறகுதான் வந்தது. அதுவரைக்கும் 'கடலைன்னா ஊறவைக்கணும்'னு மட்டும் சொல்லிட்டிருந்த அம்மாயிக்கு இந்த வரிசை பிடிக்கவே இல்லை.

ஒரு நாள் ஊறப் போட மறந்தோம். அன்றைக்குக் கடலையை இரண்டு நிமிசம் கொதிக்க வச்சு, அடுப்பை அணைச்சு, மூடி ஒரு மணித்தியாலம் விட்டுட்டுத் திரும்ப அவிச்சோம். இரவு முழுக்க ஊறின மாதிரி இல்லை, ஆனா சமாளிச்சது. இன்னொரு நாள் எல்லாம் சரியாச் செஞ்சும் கடலை வேகவே இல்லை. கடைக்காரர் பழைய மூட்டையைத் தள்ளிவிட்டிருந்தார். ரொம்ப நாள் கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் தோல் தடிப்பாவே இருக்கும். இப்ப வாங்கும்போது ஒரு பிடி மட்டும் வாங்கி ஊறவச்சுப் பார்த்துட்டுத்தான் கிலோ கணக்குல எடுக்கிறோம். புளி, தக்காளியை வேகுறதுக்கு முன்னால போட்டாலும் இதே கஷ்டம்தான், புளிப்பு தோலை இறுக வச்சிடும். வெந்து, விரல்ல நசுங்கின பிறகுதான் அதெல்லாம்.

மைசூர்ப் பருப்புக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அது இருபது நிமிசத்துல வெந்திடும், மூடியும் சின்னத் தீயும் போதும். பயறையும் கௌபியையும் ஊறவச்சுப் பழகிட்டோம்.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப, "என்ன நிறுத்தீங்க?"ன்னு கடை முதலாளி கேட்டார். சொன்னோம். சிரிச்சார். அடுத்த கிழமை அவரோட மனைவி வந்து எங்க அடுப்பு முன்னால குந்தி, திருகை எங்க நிப்பாட்டுறோம்னு பார்த்துட்டுப் போனாங்க. அம்மா இப்ப அந்த இடத்துல நெயில் பொலிஷால ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க.