தொட்டி இருந்தால் போதுமா?

பண்ணை வாசலில் கால் நனைக்கத் தொட்டி கட்டிவிட்டால் நோய் வராது என்று நம்புகிறார்கள். வாலாஜாபாத் பக்கம் ஒரு சிறு கோழிப்பண்ணையில் பார்த்தேன், தொட்டித் தண்ணீர் டீ நிறத்தில் கிடந்தது, அடியில் எச்சம். சேறும் எச்சமும் கலந்தால் பிளீச்சிங் பவுடருக்கு வீரியம் போய்விடும். செருப்பின் அடியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மருந்துத் தண்ணீர். கலங்கினால் அன்றே மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், பண்ணைக்கென்று தனிச் செருப்பே மேல். கோழி வாங்க வரும் வியாபாரிக்கு கேட்டோடு சரி.

ஆனால் பெரிய ஓட்டை, சந்தையில் வாங்கிவரும் புதுக்கோழிதான். வெள்ளைக்கழிச்சல் கிருமி உள்ளே புகுந்தாலும் அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாள், சிலசமயம் 15 நாள்கூட ஆகும். அதுவரை கோழி நன்றாகத்தான் மேயும். அதனால் மூன்று வாரமாவது தள்ளி வேறு கொட்டகையில் அடையுங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அங்கே போங்கள். பச்சையாகக் கழிந்தாலோ கழுத்து திருகிக்கொண்டாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

செத்த கோழியைப் பாலாற்றில் வீசினால் நாய் இழுத்துக்கொண்டு ஊருக்குள் வரும். கிணற்றுக்குத் தள்ளி ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். ஒரே நாளில் பல செத்தால் மட்டும் புதைக்க அவசரப்படாதீர்கள். மருத்துவர் முதலில் பார்க்கட்டும்.