ஓர் இரவுக்குப் பின் எஞ்சிய வாக்கியங்கள்

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளோடு திரும்பி வருகிறது. அதற்கு எழுத வேண்டிய மறுமொழிக் கடிதம் சற்று விசித்திரமான எழுத்துவகை. ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே பதில் தர வேண்டும். பார்வைக்கு அது மதிப்பீட்டாளரோடு நடக்கும் உரையாடல். ஆனால் அதைப் படித்து முடிவெடுப்பவர் பதிப்பாசிரியர். கோபத்தில் எழுதும்போது முதலில் மறந்துபோவது இந்த மூன்றாம் மனிதரைத்தான்.

பாட்னாவில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்கு அப்படி ஒரு கட்டுரை திரும்பி வந்தது. கங்கைச் சமவெளியில் ஒரே ஊருக்குள், அடுத்தடுத்த கைப்பம்புகளின் நீரில் ஆர்சனிக் அளவு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பது அவருடைய கேள்வி. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு வீட்டின் பம்பு அதற்குள் அடங்கியிருக்க, சில பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பம்பு பல மடங்கு கூடுதலாகக் காட்டுவது அங்கே அரிதன்று. இரண்டாம் மதிப்பீட்டாளர் மூன்று குறைகளைச் சொல்லியிருந்தார். மாதிரிகளில் அமிலம் சேர்த்ததாகத் தெரியவில்லை, எனவே உயர்ந்த அளவுகளை நம்ப இயலாது. 64 கிணறுகள் ஒரு மாவட்டத்துக்குப் போதாது. கிணற்றின் ஆழத்தை வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக் கணக்கிட்டது அறிவியல் ஆகாது.

அன்றிரவே மாணவி பதில் எழுதி முடித்தார். இதழின் இணையதளப் படிவத்தில் எழுதாமல் தனிக் கோப்பில் எழுதினார். பொத்தானை அழுத்தும் வாய்ப்பே அங்கு இல்லாததால் அந்த வரைவு மறுநாள் வரை தப்பியது.

காலையில் அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. வரைவிலிருந்து கடுஞ்சொற்களை நீக்கிக்கொண்டு போகவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, தங்க வேண்டிய வாக்கியங்களை மட்டும் அதில் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் ஒன்றல்ல. நீக்கத் தொடங்கினால் கண் தொனியை மட்டுமே பார்க்கிறது. கடுமையாக ஒலிப்பவையெல்லாம் போய்விடுகின்றன, அவற்றோடு உறுதியாகச் சொன்னவையும் போய்விடுகின்றன. எடுத்துவைக்கத் தொடங்கினால், ஒவ்வொரு வாக்கியமும் தான் ஏன் வர வேண்டும் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. அவர் வைத்த சோதனை எளியது: கட்டுரையைப் பற்றி ஒன்றும் நினைவில் இல்லாத பதிப்பாசிரியர், இந்த வாக்கியத்தைக் கொண்டு எதையாவது சரிபார்க்க முடியுமா?

முதல் குறிப்புக்கு இரவு எழுதிய பதில் மூன்று வாக்கியங்கள். ‘மதிப்பீட்டாளர் துணை ஆவணத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாதிரிகள் கிணற்றடியிலேயே வடிகட்டப்பட்டு, நைட்ரிக் அமிலம் சேர்க்கப்பட்டன. அமிலம் சேர்க்காவிட்டால் ஆர்சனிக் குறைவாகத்தான் காட்டும், கூடுதலாகக் காட்டாது என்பது அடிப்படைப் பாடம்.’

முதல் வாக்கியம் சோதனையில் நிற்கவில்லை. இன்னொருவர் எதைத் திறந்தார் என்பதைப் பதிப்பாசிரியரால் அறிய முடியாது, எழுதியவராலும் முடியாது. இரண்டாவது நின்றது. செயல்முறையின் அந்த வரிகள் துணை ஆவணத்திலிருந்து கட்டுரைக்குள்ளேயே இடம்பெயர்ந்தன. பதிலில் வரி எண் சேர்ந்தது. மூன்றாவதில்தான் இரவின் கோபம் ஓர் உண்மையைப் பிடித்திருந்தது. நிலத்தடியில் காற்றுப் படாத நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் அது துருநிறத் துகள்களாகத் திரண்டு, ஆர்சனிக்கைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு பாட்டிலின் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை அளந்தால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். அமிலம் அந்தப் படிவைத் தடுக்கவே சேர்க்கப்படுகிறது. ஆகவே மதிப்பீட்டாளரின் ஐயம் சரியென்றே வைத்துக்கொண்டாலும், உயர்ந்த அளவுகள் அதனால் தோன்றியிருக்க முடியாது. ‘அடிப்படைப் பாடம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் போயின. அவை போனதும் வாக்கியம் முன்னைவிடக் கனத்தது. அந்த இடத்தில் காரணத்தை எழுத வேண்டி வந்ததே அதற்குக் காரணம்.

மூன்றாம் குறிப்புக்கு வரைவில் இருந்தது ஒரு கேள்வி: ‘வீட்டுக்காரரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?’ இது பதில் ஆகாது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தகவல் ஒளிந்திருந்தது. கிணறு இறக்கும்போது குழாய்த் துண்டுகளுக்கு எண்ணிக்கைப்படி பணம் கொடுத்தவர் வீட்டுக்காரர். ஆழத்தை அடியில் நினைவு வைத்திருக்காவிட்டாலும், எத்தனை குழாய் வாங்கினோம் என்பதை அவர் மறப்பதில்லை. ஒரு குழாய் ஏறக்குறைய 20 அடி. அப்படியானால் நினைவுப் பிழைக்கும் ஓர் அளவு உண்டு: ஒரு குழாய் கூடலாம், ஒன்று குறையலாம். புதிய பதில் இதைச் சொன்னது. ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும் 20 அடி கூட்டியும் குறைத்தும் வைத்து, ஆழத்துக்கும் ஆர்சனிக்குக்கும் உள்ள தொடர்பை மீண்டும் கணக்கிட்டுக் காட்டியது. இரவின் கேள்வியிலிருந்து ஒரு சொல்கூட மிஞ்சவில்லை, அது சுட்டிய இடம் மட்டும் மிஞ்சியது.

இரண்டாம் குறிப்புதான் கடினமானது. இரவு எழுதியது: ‘தாம் படிக்க விரும்பிய வேறொரு கட்டுரையை எங்களை எழுதச் சொல்கிறார்.’ நறுக்கென்ற வாக்கியம், பொய்யும் அல்ல. காலையின் நிதானம் அதன் இடத்தில் முதலில் கொண்டுவந்து வைத்தது இது: ‘மதிப்புமிக்க ஆலோசனைக்கு நன்றி. வருங்கால ஆய்வில் இதைக் கருத்தில் கொள்வோம்.’ மாணவி இதைப் பலமுறை படித்துப் பார்த்தார். கோபம் இல்லை, குற்றம் இல்லை, பொருளும் இல்லை. குறை உண்மையானது என்று ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்யாமல் விட்டதாகவே பதிப்பாசிரியர் இதைப் படிப்பார். இரவின் வாக்கியம் மரியாதை தவறியது. காலையின் வாக்கியம் கட்டுரையைக் கைவிட்டது.

தங்கத் தகுதியானது அந்த மறுப்பு. அதற்கு வேண்டியிருந்தது காரணம். இறுதியில் நின்ற பதில்: ‘இக்கட்டுரை மாவட்டத்தின் சராசரியைக் கூறவில்லை. அருகருகே உள்ள கிணறுகளுக்கு இடையிலான வேறுபாட்டை ஆராய்கிறது. அதற்கு ஒரே ஊரில் நெருக்கமாக எடுத்த மாதிரிகள் தேவை. தொலைவில் உள்ள ஊர்களின் மாதிரிகள் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, இக்கேள்விக்கு விடை தாரா. எனவே சேர்க்கவில்லை.’ கடைசி இரண்டு சொற்களை ‘சேர்க்க இயலவில்லை’ என்று மென்மையாக்கக் கை நீண்டது. இயலாமை வேறு, முடிவு வேறு என்பதால் அவை அப்படியே நின்றன.

வெற்றுப் பக்கத்தில் வந்து சேர்ந்த வாக்கியங்களில் மதிப்பீட்டாளர் எழுவாயாக இருந்தது ஒன்றுகூட இல்லை. நீர், இரும்பு, குழாய், கிணறு ஆகியவையே எழுவாய்கள். எங்கெல்லாம் இரவு சினந்திருந்ததோ அங்கெல்லாம் ஏதோ ஒன்று விளக்கப்படக் காத்திருந்தது. யாரைச் சினந்தது என்பது மட்டும் விடிந்தபின் தேவைப்படவில்லை.