டிக்கோயாவில் ஒரு தையற்கடைத் திறப்பு அறிவித்தல்

கொழும்பை அடுத்த ஆடைத் தொழிற்சாலையொன்றில் பல்லாண்டு உழைத்துச் சேமித்த பணத்தைக்கொண்டு, டிக்கோயா கடைவீதியில் பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில் தையற்கடை தொடங்கவிருந்த தோட்டத்துப் பெண்மணி, சுவரில் ஒட்டவும் கைப்பேசிகளில் அனுப்பவும் தாம் எழுதிவைத்திருந்த திறப்புவிழா அறிவித்தலை என்னிடம் நீட்டி, "ஐயா, இத ஒருக்கா பாத்துக் குடுங்க" என்றார்.

உறவினர் குறித்துக் கொடுத்திருந்த நாள் 2024 டிசம்பர் 8, ஞாயிறு. ஆயினும் தோட்டச் சம்பளம் கைக்கு வருவது 10ஆந் தேதியில். அதற்கு முந்திய ஞாயிறு லயத்துக் குடும்பங்களின் கை வறண்டிருக்கும் நாளென்பதை அவரே உணர்ந்து, 15ஆந் தேதிக்கு மாற்றியிருந்தார். மறுநாள் மார்கழி பிறந்துவிடுமாதலால், சம்பளத்துக்குப் பின்னும் மார்கழிக்கு முன்னுமாக அவருக்கு வாய்த்த ஞாயிறு அது ஒன்றே. சுபவேளை காலை 9.15 முதல் 10.15 வரை. பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்களின் சௌகரியத்தை உத்தேசித்து, கடை நேரம் செவ்வாய் முதல் ஞாயிறு வரை இரவு 7.30 மணிவரை என வகுக்கப்பட்டிருந்தது.

விலாசத்தில்தான் குறை இருந்தது. 'பிரதான வீதி, டிக்கோயா' என்பது தபாலுக்குப் போதுமேயன்றி, பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கும் ஒருத்திக்குப் போதாது. மாடிப்படியோ பக்கத்துச் சந்துக்குள் மறைந்திருந்தது. ஆகவே இருவரும் கலந்து இவ்வாறு எழுதினோம்:

"புதிய தையற்கடை திறப்பு விழா. 2024 டிசம்பர் 15, ஞாயிறு, காலை 9.15. டிக்கோயா பிரதான வீதி, பலசரக்குக் கடையின் மேல்மாடி. படி இடப்பக்கச் சந்தில். ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை செல்லும் பஸ்ஸில் டிக்கோயா கடைவீதியில் இறங்கவும். அளவுக்குப் பழைய ஜாக்கெட் ஒன்று கொண்டு வரவும்."

கடைசி வரியைப் பற்றி நான் வினவியபோது, அவர் ஒரு பழைய ஜாக்கெட்டை மேசையில் விரித்து, மார்பின் பாதி அகலத்தை நாடாவால் அளந்து இரட்டித்துக் காட்டியபின், கைக்குழியைத் தொட்டார். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் எறிகிற கை நாளெல்லாம் மேலெழுந்து கொண்டேயிருப்பதால், அவ்விடத்துத் துணி விரிந்து தளர்ந்துவிடுகிறது. அந்த அளவை அப்படியே எடுத்தால் புதியது தொளதொளக்கும், இறுக்கித் தைத்தாலோ முதுகுத் தையல் பிரிந்துவிடும். ஆதலால் பழையதை அளந்தபின், உடுத்துகிறவரையும் கையை உயர்த்தச் சொல்லி அளக்க வேண்டும் என்றார்.

பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுவார். பனிக்காலத்து ஈரத்தில் அது உலர இரண்டு மூன்று நாள் செல்லுமாகையால், அறிவித்தலின் அடியில் இன்னொரு வரியையும் சேர்த்தார்: "தைப்பொங்கலுக்கான துணிகள் ஜனவரி 5 வரை மட்டுமே ஏற்கப்படும்."