சிந்திய அரிசி

12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில், இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாணில், பசவண்ணரைச் சுற்றித் திரண்ட சிவசரணர்கள் பிழைப்புக்கான தொழிலையே வழிபாடாக்கினார்கள். அதைக் காயகம் என்றார்கள். படகோட்டி, வண்ணார், விறகுவெட்டி, கூடை முடைபவர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இஷ்டலிங்கம் கழுத்திலேயே தொங்கியது. இடது உள்ளங்கையில் வைத்தால் பூசை. கோயிலுக்குப் போகவோ வீட்டைத் துறக்கவோ தேவையில்லை.

காயகத்துக்கு நிபந்தனைகள் உண்டு. உழைப்பு தன்னுடையதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும். அன்றைக்கு வேண்டியது மட்டுமே கூலி. கிடைத்ததைப் பிறரோடு பகிர வேண்டும். அதன் பெயர் தாசோகம். நாளைக்கென்று பதுக்கினால் எந்த உழைப்பும் வெறும் சம்பாத்தியம்தான்.

தெய்வமே குறுக்கிட்டாலும் தொழில் நிற்கக் கூடாது என்பதற்கு நுலிய சந்தய்யர் கதை. புல்லறுத்துக் கயிறு திரிப்பவர் அவர். வேலைக்கு நடுவே இஷ்டலிங்கம் நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை, வேலையைத் தொடர்ந்தார். லிங்கம் பின்னாலேயே வந்து கெஞ்சியதாம். இன்னொரு சரணரான மடிவாள மாச்சய்யர் சமாதானம் பேசிய பிறகு, லிங்கமும் கயிறு விற்கும் வேலையை ஏற்க வேண்டியதாயிற்று.

லிங்கத்தைவிட நுட்பமான இடையூறு ஞானப்பேச்சு. ஆய்தக்கி மாரய்யரின் காயகம், சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்குவது. ஒருநாள் அவர் ஞானி அல்லமப் பிரபுவோடு தத்துவம் பேசிக்கொண்டே இருந்துவிட்டார். மனைவி லக்கம்மா வந்து, காயகம் நின்றுபோயிற்று, எழுந்து போங்கள் என்றார். கயிலாயத்தைப் பற்றிப் பேசியவரை அரிசிக்குத் துரத்தியதில் அவருக்குக் கூச்சம் இல்லை.

அளவு என்ற கடினமான சோதனையிலும் அந்த அம்மாள்தான் கறார். ஒருநாள் மாரய்யர் வழக்கத்தைவிட அதிக அரிசி கொண்டுவந்தார். பசவண்ணரே வேண்டுமென்று கூடுதலாகச் சிந்தவைத்தார் என்கிறது கதை. மாரய்யர் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தரையில் கிடந்ததைத்தான் எடுத்தார். ஆனாலும் மூட்டையைப் பார்த்ததுமே லக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை எதற்கு, இது ஆசையல்லவா என்று கேட்டு, அதிகப்படியானதை எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வரச் சொன்னார். அடியாருக்குத் தேவைக்கு மேல் எதற்கு என்பது அவர் கேள்வி. உழைப்பு கெட்டுவிட்டதா என்பதை மூட்டையின் கனத்தைக் கொண்டே அவர் கண்டுபிடித்தார்.

கொட்டிவிட்டால் பகிர்வதற்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். மீதியிருந்த அரிசியைச் சமைத்தே லக்கம்மா சரணர் கூட்டத்துக்கெல்லாம் அமுது படைத்தார் என்று கதை முடிகிறது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தாசோகத்தைக் காட்டி அதிகம் சேர்ப்பதற்கு மட்டும் அந்த வீட்டில் இடமில்லை. ஏழையின் கையளவும் பந்திக்குப் போதும் என்பதுதான் அதன் கணக்கு.