ஹலோவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி!

போனில் அம்மா 'ஹலோ' சொல்லும் விதத்திலேயே வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் 'ஹலோ'வுக்குக் குரல் கிடையாது. படிக்கிறவர்தான் அதற்கு ஒரு குரலைக் கற்பனை செய்துகொள்கிறார். அதற்கு அவருக்குக் கிடைக்கும் ஒரே துப்பு, பல நேரம் ஒரு புள்ளிதான்.

சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு மதுரையிலிருந்து சித்தி ஒருநாள் மெசேஜ் அனுப்பினார். 'ஹலோ...' அவ்வளவுதான். அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. ஏதோ சொல்லத் தயங்குகிறாரோ, பாட்டிக்கு உடம்பு முடியவில்லையோ என்று பதறிப்போய் போன் செய்தாள். சித்தியோ, "தீபாவளிக்கு எப்படி வர்ற? டிக்கெட் போட்டுட்டியா?" என்றார். "அப்போ அந்த மூணு புள்ளி?" என்று கேட்டால், "சும்மா வைக்கிறதுதாண்டி. லெட்டர்லயும் அப்படித்தான எழுதுவோம்" என்று சிரித்தார்.

அதே வாரம் அவளுடைய ரூம்மேட்டிடமிருந்து ஒரு 'ஹலோ.' வந்தது. பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே 'ஹலோஓஓ'தான், ஒன்றில்கூட முற்றுப்புள்ளி இல்லை. "என்மேல கோபமா?" என்று நேரிலேயே கேட்டாள். ஆமாம், கோபம்தான். தன்னை விட்டுவிட்டு மற்றவர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டாளே என்ற வருத்தம்.

புள்ளிக்கு ஏன் இத்தனை கனம்? தாளில் எழுதும்போது வாக்கியம் முடிந்ததைக் காட்ட முற்றுப்புள்ளி வேண்டும். சாட்டில் 'சென்ட்' பட்டனை அழுத்தினாலே பேச்சு முடிந்துவிடுகிறது. தேவையில்லாத இடத்தில் மெனக்கெட்டு ஒரு புள்ளி வந்தால், 'பேச்சு முடிந்தது' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோலத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 126 மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முற்றுப்புள்ளியோடு முடிந்த ஒரு வார்த்தைப் பதில்கள், புள்ளி இல்லாதவற்றைவிட மனப்பூர்வம் குறைந்தவையாக அவர்களுக்குத் தெரிந்தன. அதே பதில்களைக் கையால் எழுதிய குறிப்பாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நாலு வரி மெசேஜில் வரும் முற்றுப்புள்ளியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் வந்தால்தான் உறுத்துகிறது. அதையும் அனுப்பியவர் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. பல போன்களில் ஸ்பேஸ் பட்டனை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும்.

ஆகவே, ஒரு 'ஹலோ.' உறுத்தினால், அதே ஆளின் பழைய பத்து மெசேஜ்களைப் பாருங்கள். எப்போதும் புள்ளி வைப்பவர் என்றால் அது பழக்கம். இன்றைக்கு மட்டும் புதிதாக வந்திருந்தால், நீங்களாக ஒரு கதை கட்டாமல் போன் செய்து கேட்டுவிடுங்கள்.