திங்கள் ஷிஃப்டுக்கு புதன்கிழமையே எழுந்தவள்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வசிக்கும் அந்தப் பெண்ணுக்கு துவாக்குடியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை முதல் காலை 6 மணி ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க 4.15-க்கு எழ வேண்டும். அவளோ இரவு 11.30-க்குப் படுத்து காலை 6.45-க்கு எழுகிறவள்.

"ஞாயிறு ராத்திரி எட்டரைக்கே படுத்துடு, சரியாப் போயிடும்" என்றார் அம்மா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அத்தை மறுத்தார். "படுக்கலாம், தூக்கம் வராது. வழக்கமா தூங்குற நேரத்துக்கு முந்தின ரெண்டு மூணு மணி நேரம் உடம்பு நல்லா முழிச்சிருக்கும். படுக்குறதை விடு. எழுறதை தினம் அரை மணி முன்னாடி கொண்டு வா."

மாற்ற வேண்டியது இரண்டரை மணி நேரம். தினம் அரை மணி என்றால் ஐந்து நாள். புதன் 6.15, வியாழன் 5.45, வெள்ளி 5.15, சனி 4.45, ஞாயிறு 4.15 என்று அலாரம் வைத்தாள். படுக்கையும் அதே கணக்கில் செவ்வாய் இரவு 11-ல் தொடங்கி, சனி இரவு 9-க்கு வந்தது. இரவுச் சாப்பாடும் கூடவே முன்னால் நகர்ந்தது.

ஒரே நாளில் 4.15-க்குத் தாவினால் என்ன? நம் உடம்புக் கடிகாரத்தின் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தாமதமாகத் தூங்குவது சுலபம், முன்கூட்டித் தூங்குவது கஷ்டம். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன்பு பட்டால் பின்னே தள்ளிவிடும். 6.45-க்கு எழுகிறவள் முதல் நாளே 3.30-க்கு டியூப் லைட்டைப் போட்டு உட்கார்ந்தால் பலன் தலைகீழ்தான்.

அதனால் எழுந்ததும் விளக்கைப் போட்டாள். வெயில் வந்ததும் அம்மா மண்டபம் படித்துறை வரை அரை மணி நடந்தாள். மதியம் 2 மணிக்குப் பிறகு காபி இல்லை. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும் என்பது அத்தையின் கணக்கு. படுக்க ஒரு மணி நேரம் முன்பே கூடத்து விளக்கை அணைத்து, செல்போனை அடுத்த அறையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சறுக்கியது. மதியம் படுத்தவள் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட, இரவு 11 வரை புரண்டாள். ஆனாலும் சனிக்கிழமை 4.45 அலாரத்தை அவள் தள்ளி வைக்கவில்லை. அன்று மதியம் 20 நிமிடத்தோடு நிறுத்தினாள். இரவு 9-க்கே கண் சொக்கியது.

ஞாயிறு காலை அலாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே விழிப்பு வந்தது. கடிகாரம் நகர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அலாரம் அடித்தும் தலை கனத்தால் அதே நேரத்தில் இன்னொரு நாள் நிற்க வேண்டும்.

"வாரலீவுல ஏழு மணி வரைக்கும் தூங்கினா எல்லாம் பழையபடி ஆயிடும். அஞ்சேகாலைத் தாண்டாதே" என்றார் அத்தை. முதல் வாரம் பஸ் நிறுத்தத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டவும் விடவில்லை. தூக்கக் கலக்கம் முழுதாகத் தெளியும்வரை அப்பாதான் கொண்டுபோய் விட்டார்.